"விசேட" என்ற சொல்லும் ஏச்சாகிவிட்டது

போன தவணை ஒரு உம்மா எங்களைத் தேடி பாடசாலைக்கு வந்தார். அவருடைய மகனை விசேட கல்வி அலகில் சேர்த்தால் எழுத்து வாசிப்புக்கு உதவியாக இருக்கும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். "டீச்சர், படிப்பிக்கிறது நல்லம்தான். ஆனா அந்தப் பேரு வேணாம். ஊருல புள்ளையள் ஏசுறதே அதைச் சொல்லித்தான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இடைவேளையில் பந்தைத் தவறவிட்ட பையனைப் பார்த்து மற்றப் பையன், "நீ என்ன விசேடமா?" என்று கேட்பதை நாங்களே கேட்டிருக்கிறோம். பந்தைத் தவறவிட்டவன் அந்த அலகுப் பிள்ளையும் இல்லை. ஒரு சொல் கெட்டுவிட்டதை அறிய இதுதான் அடையாளம்: சம்பந்தமே இல்லாதவனை மட்டந்தட்ட அது பயன்படத் தொடங்கும். அடுத்த அடையாளம், பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவது.

இவ்வளவுக்கும் "விசேட" என்பது மரியாதைக்காகக் கொண்டுவந்த சொல். எங்கள் வாப்பா காலத்தில் இந்தப் பிள்ளைகளை "மந்தபுத்தி" என்றார்கள். அது நோகிறது என்று "மெல்லக் கற்போர்" வந்தது. கொஞ்சக் காலத்தில் அதுவும் நொந்தது. பிறகுதான் "விசேட தேவையுடையோர்" என்றோம்.

ஆங்கிலத்தில் நடந்ததும் இதுவே. "இடியட்" என்று நாங்கள் ஏசுகிறோமே, நூறு வருடத்துக்கு முன் அது வைத்தியர்கள் கோப்பில் எழுதிய சொல். மனவயது மூன்றுக்குக் குறைந்தவர் இடியட். மூன்று முதல் ஏழு வரை இம்பெசைல். எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்குப் பொருத்தமான பெயர் இல்லையென்று, 1910இல் ஹென்றி கொடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கிரேக்கச் சொல்லிலிருந்து "மோரன்" என்று ஒன்றை உருவாக்கினார். இந்த மூன்றும் தெருவுக்கு வந்து ஏச்சாகின. அதற்குப் பதிலாக, "தாமதமானவர்" என்ற பொருளில் "ரிடார்டட்" என்ற மென்மையான சொல் வந்தது. அதுவும் ஏச்சாகி, 2010இல் ரோஸா சட்டம் என்ற ஒன்றை இயற்றி, அமெரிக்க மத்திய அரசின் சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியலாளர் இதை ட்ரெட்மில் ஓட்டத்துக்கு ஒப்பிட்டார். ஓடிக்கொண்டே இருப்போம், ஆனால் நின்ற இடத்தில்தான் நிற்போம்.

ஏன் இப்படி? பழைய சொல்லை விட்டுப் புதியதை எடுத்த எங்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். "மந்தபுத்தி"யோடு ஒப்பிட்டுத்தான் "விசேட" என்பதன் மென்மையை நாங்கள் உணர்கிறோம். இன்று ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை பழைய சொல்லைக் கேட்டதே இல்லை. அவனுக்கு அந்த ஒப்பீடு கிடையாது. சொல்லின் பொருளை அவன் அகராதியில் படிப்பதில்லை, கண்ணால் பார்த்துப் படிக்கிறான். மைதானத்தின் மூலையில் ஒரு வகுப்பறை. அதன் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியிலும் இல்லை, மேடையிலும் இல்லை. ஆசிரியர்கள்கூட "அந்தப் பிள்ளையள்" என்கிறார்கள். அப்படியானால் "விசேட" என்றால் "ஒதுக்கி வைக்கப்பட்டவன்" என்றுதான் அவன் விளங்கிக்கொள்வான். பிழை அவனுடையதல்ல, நாங்கள் காட்டியதைத்தான் அவன் படித்திருக்கிறான்.

இதற்கு மாறான ஒன்றையும் பாருங்கள். பார்வை மங்கலும் உடற்குறைதான். ஆனால் "கண்ணாடி போட்ட பிள்ளை" என்பதை மாற்றச் சொல்லி ஒரு உம்மாவும் எங்களிடம் வந்ததில்லை. கண்ணாடி போட்டவன் அதே வகுப்பில் இருக்கிறான், அதே பரீட்சை எழுதுகிறான், மாணவர் தலைவனும் ஆகிறான். அதனால் அந்தச் சொல்லில் அழுக்குப் படிய இடமில்லை.

அதற்காகச் சொல்லை மாற்றுவது வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. நோகும் சொல்லை ஒருவர் வேண்டாமென்றால் விடத்தான் வேண்டும். ஆனால் புதுச் சொல் எங்களுக்குத் தருவது கொஞ்சக் கால அவகாசம் மட்டும். அதற்குள் நடப்பை மாற்றாவிட்டால் அடுத்த சொல்லும் இதே வழியில்தான் போகும்.

அந்த உம்மாவின் மகன் இப்போது காலையில் இரண்டு பாடவேளை அலகில் இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில். அவனைப் பற்றிப் பேசும்போது வகைப்பெயர் சொல்வதில்லை என்று ஆசிரியர்கள் முடிவெடுத்தோம். "அவருக்கு எழுத்தைப் பெரிசா எழுதிக் கொடுங்க, ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்க" என்று தேவையைச் சொல்கிறோம். அடுத்து வரும் ஆசிரியருக்கு இது எந்தப் பெயரையும்விடப் பயன்படுகிறது. இப்படியான ஒரு வசனத்தை ஏச்சாக மாற்றுவதும் லேசில்லை.

வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல்லுக்கு உங்கள் குரல் தாழ்கிறது? உங்கள் பிள்ளை அந்தச் சொல்லைப் படிப்பது அந்த இடத்தில்தான்.