எண்ணிக்கை சரி, கையெழுத்தும் சரி... அப்புறம்?

பேரையூர்ப் பக்கத்துத் தேர்வு அறைகளில் பல வருடம் கண்காணிப்பாளராக நின்றவன் நான். கடைசி மணி அடித்ததும் நடப்பதைப் பார்த்து எரிச்சல்பட்டதுண்டு. "குடு, குடு, நேரமாச்சு" என்று விடைத்தாள்களைப் பிடுங்குவார்கள். இருபது பேர் அறையில் ஒருவர் வரவில்லை என்றால் வருகைத்தாளில் 19 கையெழுத்து, கையில் 19 விடைத்தாள். பதிவெண் வரிசையில் அடுக்கி, கையெழுத்துப் போட்டு, முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பு. சிலர் அந்தக் கையெழுத்தை மணிக்கு முன்பே போட்டு வைத்துக்கொள்வார்கள். எண்ணுவதற்கு முன் போட்ட கையெழுத்து எதற்குச் சாட்சி?

ஒழுங்காக எண்ணினாலும் போதாது என்பதை 2019 செப்டம்பர் 1-ல் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு காட்டிவிட்டது. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், சற்று நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்தார்கள். தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் வெளியே எடுக்கப்பட்டு, சரியான விடை குறிக்கப்பட்டு, மறுபடி உள்ளே வைக்கப்பட்டன. ஒரு தாளும் குறையவில்லை, கூடவும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. முறைகேட்டில் சிக்கிய 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது.

அதன் பிறகு ஆணையம் செய்த மாற்றம்தான் கவனிக்க வேண்டியது. விடை தெரியாவிட்டால் காலியாக விடக்கூடாது, 'இ' என்ற ஐந்தாவது வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். பிறகு ஏ எத்தனை, பி எத்தனை என்று ஐந்தையும் எண்ணித் தாளிலேயே குறிக்க வேண்டும். அதற்கென்று 15 நிமிடம் தனியாகக் கொடுத்தார்கள். வழியில் யாராவது கை வைத்தால் அந்தக் கணக்கு இடிக்கும்.

இதே புத்தி எழுத்துத் தேர்வு அறைகளுக்கும் ஏன் வரக்கூடாது என்பதுதான் என் கேள்வி. பையன் 22 பக்கம் எழுதி எட்டுப் பக்கம் காலியாக விட்டால், அந்த எட்டுப் பக்கமும் திறந்து கிடக்கும் வாசல். மணி அடித்ததும் எல்லாரும் பேனாவைக் கீழே வைக்கட்டும். கண்காணிப்பாளர் ஒவ்வொரு மேசையாகப் போகட்டும். அவர் கண் முன்னால் காலிப் பக்கங்களைக் கோடிட்டு அடித்து, 'இருபத்திரண்டு பக்கம்' என்று எழுத்தால் எழுதி, மாணவரும் அவரும் கையெழுத்திடட்டும். இடைவெளி விட்டு எழுதிய பக்கத்தில் சேர்ப்பதை இது தடுக்காது. முழுப் பக்கமாகச் சேர்ப்பதைத் தடுக்கும்.

"எழுமலைக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் பஸ் போயிடும் சார்" என்பார்கள். ஆளுக்கு அரை நிமிடம் வைத்தாலும் 19 பேருக்குப் பத்து நிமிடம் ஆகாது. ஒரு வருடப் படிப்பைக் கட்டி அனுப்புகிற இடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்? தேர்வு அட்டவணையிலேயே அதையும் சேர்த்துப் போடுங்கள். பஸ் நேரத்தை அதற்குத் தக்கபடி கேட்டு வாங்கலாம்.