ஃபிரிட்ஜ் தரும் பொய்ச் சான்றிதழ்

தேங்காய் எண்ணெயை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெள்ளையாக உறைந்தால் அசல், உறையாமல் நின்றால் கலப்படம். இந்த நம்பிக்கை இன்று தமிழ்நாட்டின் சமையலறைகளில் சட்டம்போல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாகச் சுற்றுகிறது. எண்ணெய் விற்கும் கடைக்காரரே உறைந்த டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி வாடிக்கையாளரை நம்பவைக்கிறார். போதாக்குறைக்கு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வீட்டுச் சோதனைகளுக்காக வெளியிட்ட ‘டார்ட்’ கையேடும் இதையே சொல்கிறது: தேங்காய் எண்ணெய் உறையும், கலந்த வேறு எண்ணெய் தனி அடுக்காக நிற்கும் என்று.

இந்தச் சோதனையைக் கைவிட வேண்டும் என்கிறேன். கலப்படக்காரருக்கு இதைவிட வசதியான சோதனை வேறு இல்லை.

தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24 முதல் 26 டிகிரிக்குள். ஃபிரிட்ஜின் உள்ளே சுமார் 4 டிகிரி. உருகும் இடத்துக்கு இருபது டிகிரி கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு ‘உறைகிறதா’ என்று கேட்டால், உறையத்தான் செய்யும். அதில் இருபது, முப்பது சதவீதம் பாமாயில் கலந்திருந்தாலும் உறையும். ஒரு கொழுப்பு கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிய அது முழுவதும் படிகமாக வேண்டியதில்லை. ஒரு பகுதி படிகமாகிப் பின்னிக்கொண்டால் போதும். மீதித் திரவ எண்ணெயைக் கடற்பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பதுபோல அந்தப் பின்னல் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். கலந்த எண்ணெய் தனி அடுக்காக மேலே வந்து நிற்கும் என்பது இங்கேதான் பொய்த்துப்போகிறது. எண்ணெயும் எண்ணெயும் ஒன்றுக்குள் ஒன்று முழுமையாகக் கரைந்துவிடும் பொருள்கள். வேகமாகக் குளிர்வித்தால் அவை பிரியாது. மெதுவாக, பல மணி நேரம், 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்தால்தான் கொஞ்சம் பிரிய வாய்ப்புண்டு. வீட்டு ஃபிரிட்ஜ் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

பாதிக்கு மேல் மெல்லிய எண்ணெயையோ லிக்விட் பாரஃபினையோ கொட்டிய அப்பட்டமான கலப்படத்தை ஃபிரிட்ஜ் காட்டிக்கொடுக்கக்கூடும். அந்த அளவுக்கு முட்டாள்தனமாகக் கலக்கிறவர் குறைவு. டிசம்பர் 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஒரே தடவையில் 74 பெயர்களில் விற்ற தேங்காய் எண்ணெய்க்குத் தடை போட்டது. அதைக் கண்டுபிடித்தவை ஆய்வகத்தின் எண்கள்.

இந்த நம்பிக்கை நல்லவரையும் தண்டிக்கிறது என்பதுதான் என் கோபத்துக்குப் பெரிய காரணம். மார்கழியில் கோயம்புத்தூர்ப் பக்கம் விடியற்காலை 20 டிகிரிக்கு இறங்கும்போது, பக்கத்து வீட்டு எண்ணெய் உறைந்திருக்க, நம் வீட்டு எண்ணெய் திரவமாகவே நின்றால் உடனே செக்குக்காரர் மேல் சந்தேகம் விழுகிறது. நன்றாகச் சூடேறி, வடிகட்டிய எண்ணெயில் பழைய படிகத் துணுக்குகள் எதுவும் மிஞ்சியிருக்காது. தொடங்கிவைக்க ஒரு படிகம் இல்லாமல் அது உறைநிலைக்குக் கீழேயும் மணிக்கணக்கில் திரவமாக நிற்கும். அரைகுறையாக உருகிய பாட்டிலில் துணுக்குகள் மிச்சமிருப்பதால் அது முந்திக்கொண்டு உறையும். உறையும் சூடு எண்ணெயின் முந்தைய கதையைப் பொறுத்தது. உருகும் சூடுதான் அதன் சரக்கைப் பொறுத்தது. அதனால்தான் ஆய்வகத்தில் உறைவதை அளப்பதில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கொழுப்பை ஏற்றி, இரவு முழுதும் குளிரில் வைத்துப் படிகத்தை நிலைப்படுத்தி, பிறகு தண்ணீரில் தொங்கவிட்டு மிக மெதுவாகச் சூடாக்குவார்கள். எந்தச் சூட்டில் கொழுப்புத் தூண் வழுக்கி மேலே ஏறுகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள்.

நெய்க்கும் இப்படியொரு நம்பிக்கை உண்டு: உள்ளங்கையில் வைத்ததும் உருகினால் சுத்தம். உள்ளங்கைச் சூடு 32, 33 டிகிரி. வனஸ்பதிக்கு அனுமதிக்கப்பட்ட உருகுநிலையே 31-இல் தொடங்கி 41 வரை போகிறது. அதில் மெல்லிய ரகம் கையில் உருகும். மணல் மணலாகத் திரண்ட அசல் எருமை நெய் சற்று நேரம் நிற்கும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

உருகுநிலையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, எண்ணெய் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பது. கொழுப்பு அமிலச் சங்கிலி நீளமாக இருந்தாலும், அதில் இரட்டைப் பிணைப்பு கூடுதலாக இருந்தாலும் ஒளிவிலகல் எண் ஏறும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். சங்கிலி குட்டை, இரட்டைப் பிணைப்பு இல்லை. அதனால் சமையல் எண்ணெய்களிலேயே மிகத் தாழ்ந்த எண்களில் ஒன்று அதனுடையது. ஆய்வகத்தில் பியூட்டிரோ ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியின் அளவுகோலில், 40 டிகிரிச் சூட்டில், தேங்காய் எண்ணெய் 34.0 முதல் 35.5-க்குள் நிற்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இரண்டு சொட்டுப் போதும், சில நிமிடங்களில் எண் வந்துவிடும். சந்தேகச் சரக்கைப் பிரித்தெடுக்க இது அருமையான முதல் சல்லடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் கையில் உள்ள அசல் எண்ணெய் 34.5 காட்டுகிறது, பாமாயில் 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பங்கில் ஒரு பங்கு பாமாயில் கலந்தால் கலவை சுமார் 36 காட்டும். வரம்பைத் தாண்டிவிட்டது, மாட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜில் இதே கலவை அழகாக உறைந்து ‘அசல்’ என்று பெயர் வாங்கியிருக்கும். நூற்றுக்கு ஆறு மட்டும் கலந்தால் 35.4, தப்பித்துக்கொள்ளும்.

கருவி இருந்தால் மட்டும் போதாது, சூடு சரியாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி கூடினால் எண் அரைப் புள்ளிக்குச் சற்று மேல், துல்லியமாகச் சொன்னால் 0.55, குறையும். அனுமதித்த வரம்பின் மொத்த அகலமே ஒன்றரைப் புள்ளிதான் என்பதை நினைவில் வையுங்கள். 36 காட்ட வேண்டிய அந்தப் பத்து சதவீதக் கலவையை 42 டிகிரியில் வைத்துப் படித்தால் 35-க்குச் சற்றுக் கீழே காட்டும். சுத்தம் என்று தேறிவிடும். 34.5 காட்ட வேண்டிய அசலை 37 டிகிரியில் படித்தால் 36-ஐத் தாண்டும், குற்றவாளி ஆகிவிடும். கருவிக்குள் வெந்நீர் சுழன்று, பட்டகத்தின் சூடு 40-இல் நிலைக்கும்வரை காத்திருக்காமலும், வேறு சூட்டில் படித்தால் திருத்தம் போடாமலும் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. தேனின் அடர்த்தி பார்க்கும் கையடக்கக் கருவியை வாங்கி எண்ணெய்க்கு வைக்கும் பழக்கத்தையும் இதனால்தான் மறுக்கிறேன். அதன் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியிலேயே தேங்காய் எண்ணெயின் வரம்பு முழுவதும் அடங்கிவிடும்.

இதற்கும் தப்பும் சரக்கு ஒன்று உண்டு: பாம் கெர்னல் எண்ணெய். எண்ணெய்ப்பனையின் பழச் சதையிலிருந்து பாமாயில் வருகிறது, அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து இது வருகிறது. இதிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். உருகுவதும் தேங்காய் எண்ணெயை ஒட்டியே. இது 37 காட்டுகிறது என்றால், முப்பது சதவீதம் கலந்த பிறகும் கலவை 35.25-இல் நிற்கும். ஃபிரிட்ஜிலும் தேறும், ரிஃப்ராக்டோமீட்டரிலும் தேறும். இங்கே கைகொடுப்பது அயோடின் எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5-இலிருந்து 10-க்குள் இருக்க வேண்டும். பாம் கெர்னலுக்கு 14-க்கு மேல், பொதுவாக 17, 18. முப்பது சதவீதக் கலவையில் அது 11-ஐத் தாண்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் தப்பித்த ஆறு சதவீதப் பாமாயிலும் இதில் சிக்கும், ஏனென்றால் பாமாயிலின் அயோடின் எண் 50-க்கு மேல்.

மிட்டாய்த் தொழிலுக்காகப் பாம் கெர்னலைக் குளிர்வித்துப் பிழிந்து எடுக்கும் கெட்டிப் பகுதி ஒன்று இருக்கிறது, ஸ்டியரின் என்பார்கள். அதன் அயோடின் எண் 7-ஐச் சுற்றி; ஒளிவிலகலும் தேங்காய் எண்ணெயை ஒட்டி நிற்கும். இரண்டு எண்களையும் ஏமாற்றிவிடும். ஆனால் அது உருகுவது 31 டிகிரிக்கு மேல். அதைக் கணிசமாகக் கலந்தால் கலவை உருகி முடியும் சூடு மேலே தள்ளிப்போகும். உருகுநிலை தன் உண்மையான வேலையைச் செய்யும் இடம் இதுதான், அதுவும் 25 டிகிரியைச் சுற்றி நிதானமாக அளந்தால்.

வீட்டில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, ஃபிரிட்ஜை உறையவைக்க மட்டும் பயன்படுத்தச் சொல்வேன். நம் கண்ணெதிரே கொப்பரை போட்டு ஆட்டிய எண்ணெய் கொஞ்சம், சந்தேகப்படும் எண்ணெய் அதே அளவு, ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஓர் இரவு உறையட்டும். மறுநாள் இரண்டையும் ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே 20-இலிருந்து மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றுங்கள். பாமாயில் கலந்தது அசலுக்கு முன்னதாகத் தளர்ந்து குழையும். ஸ்டியரின் கலந்தது அசல் தெளிந்த பிறகும் வெண்துகள் காட்டும். பாம் கெர்னல் கலந்தது வித்தியாசமே காட்டாமல் போகலாம். எனவே வித்தியாசம் தெரிந்தால் சந்தேகப்படலாம்; தெரியவில்லை என்பதற்காகச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

வரம்பு தாண்டியதெல்லாம் கலப்படமும் அல்ல. துருவல் ஆலைகளில் தேங்காய்ப் பருப்பின் பழுப்புத் தோலைச் சீவி எடுக்கிறார்கள். அந்தச் சீவலை ஆட்டி எடுக்கும் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்கள் அதிகம். ஒளிவிலகலும் அயோடின் எண்ணும் ஏறித்தான் இருக்கும். அதுவும் தேங்காயிலிருந்து வந்ததே. கலப்படம் என்று எழுதும் முன் கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகைச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு இது.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டித் தன் எண்ணெயை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். எடுக்கும்போதே விற்றவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கிண்டியிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. அறிக்கையை வாங்கும்போது ‘தரத்துக்கு உட்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் எண் எவ்வளவு, எந்தச் சூட்டில் எடுத்தது, அயோடின் எண் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டார்ட் கையேட்டை அடுத்த முறை அச்சிடும் ஆணையமும் ஃபிரிட்ஜ் பக்கத்தை நீக்கிவிட்டு இந்த வழியை அங்கே அச்சிடட்டும்.