மொத்தத்தைக் காட்டுவார்கள், அடிப்படையைக் கேளுங்கள்!



சம்பள நாளில் லயத்துக்கு லயம் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "இ.பி.எஃப். என்று இவ்வளவு வெட்டிவிட்டார்கள்." சிலர் ஒரு படி மேலே போய், "அந்த வெட்டே வேண்டாம், காசைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது தப்பான ஆள்மீது பாய்கிறது. நம் கையிலிருந்து போகும் 8 சதவீதத்தைப் பார்த்துக் கோபப்படுகிறோம். கம்பனி நமக்குப் போட வேண்டிய 12 சதவீதம் சுருங்கிப் போவதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் சம்பளத் துண்டைக் கையில் எடுப்போம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாய். அதற்கு வெளியே, அரசாங்கம் தரும் வருகை ஊக்குவிப்பு 200 ரூபாய். இரண்டையும் கூட்டித்தான் 1,750 என்கிறார்கள். ஒரு அக்கா மாதத்தில் 22 பேர் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அடிப்படைச் சம்பளம்: 1,550 × 22 = 34,100 ரூபாய்.
அவரிடம் வெட்டுவது 8 சதவீதம்: 2,728 ரூபாய்.
தோட்டம் தன் பங்காகப் போட வேண்டியது 12 சதவீதம்: 4,092 ரூபாய்.
அவர் பெயரில் ஊழியர் சேமலாப நிதியில் சேர வேண்டியது: 6,820 ரூபாய்.

இதைவிட 3 சதவீதம், அதாவது 1,023 ரூபாய், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போக வேண்டும். அது முழுக்க முழுக்க முதலாளியின் காசு. சம்பளத் துண்டில் இ.ரி.எஃப். என்று சொல்லி உங்களிடம் ஒரு சதம் வெட்டியிருந்தாலும் அது சட்டவிரோதம்.

ஊக்குவிப்பு 200 × 22 = 4,400 ரூபாயைச் சேர்த்தால் மொத்தம் 38,500. அதில் 2,728 போனால் 35,772. முற்பணம், சந்தா போன்ற மற்ற வெட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அரைப் பேர் விழுந்தால் அடிப்படையும் பாதி, நிதிக்குப் போவதும் பாதி. ஆகவே பேர் எண்ணிக்கையைச் செக்ரோலோடு ஒத்துப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் சரிபார்த்துப் பயனில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த 200 ரூபாயும் அடிப்படைச் சம்பளத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகும்? 38,500 ரூபாய்க்கு 8 சதவீதம் 3,080. அக்காவின் கையில் 352 ரூபாய் குறையும். உண்மை. ஆனால் 12 சதவீதம் 4,620 ஆகும். முதலாளி பக்கத்திலிருந்து 528 ரூபாய் கூடுதலாக வரும். நிதியில் மாதம் 880 ரூபாய், வருடத்துக்கு 10,560 ரூபாய் அதிகம் சேரும். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கைக்கு வரும் பணம் இது. வட்டியை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே, காசை அடிப்படையில் சேர்க்காமல் 'ஊக்குவிப்பு', 'கொடுப்பனவு' என்று வேறு பெயர் வைத்துத் தருவதில் லாபம் யாருக்கு? மாதக் கடைசியில் நமக்கு 352 ரூபாய் மிஞ்சுகிறது. முதலாளி பக்கத்துக்கு 528 ரூபாய் மிஞ்சுகிறது.

இது புதுத் தந்திரம் அல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் "730 ரூபாய் சம்பளம்" என்று பெரிதாகச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலைப் பங்கு 30. நிதிக்கு அடிப்படையாக நின்றது 500 மட்டும். அதில் நம் பங்கு 40, கம்பனி பங்கு 60, ஆக நாளுக்கு 100 ரூபாய்.

ஆயிரம் ரூபாய் கேட்டுப் போராடிய பிறகு, 2019 ஜனவரி 28-ல் அடுத்த ஒப்பந்தம் வந்தது. அடிப்படை 700, விலைப் பங்கு 50. வருகைக் காசும் உற்பத்திக் காசும் போய்விட்டன. மொத்தம் 730-லிருந்து 750 ஆனது. எல்லா ஊக்குவிப்பையும் முழுதாக வாங்கி வந்த ஒருவருக்கு முன்பு 730-ல் 40 போய்க் கையில் 690. புது ஒப்பந்தத்தில் 750-ல் 56 போய்க் கையில் 694. நாளுக்கு நாலு ரூபாய்தான் உயர்வு! தோட்டங்களில் கொதித்தார்கள். கொதித்தது சரிதான், ஏனென்றால் கேட்டது ஆயிரம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் நம் பக்கம் திரும்பியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நிதிக்குப் போவது நாளுக்கு 100 ரூபாயிலிருந்து 140 ஆனது. கம்பனி பங்கு 60-லிருந்து 84 ஆனது. 20 பேர் போட்டால் மாதம் 2,000 சேர்ந்த இடத்தில் 2,800 சேர்ந்தது. அதோடு, வருகை 75 சதவீதம் வரவில்லை, கொழுந்து கிலோ குறைந்தது என்று சொல்லி 60-ஐயும் 140-ஐயும் பிடித்து வைக்கும் வழியும் அடைபட்டது. ஊக்குவிப்புக்கு நிபந்தனை உண்டு. பேர் போட்ட நாளின் அடிப்படைச் சம்பளத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. 2019-ல் வெளியே போன அந்த வருகைக் காசு இப்போது வேறு கையால் மறுபடி உள்ளே வந்திருக்கிறது என்பதுதான் நமக்குக் கவலை.

தோட்டத்தை விட்டு யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். 40,000 ரூபாய் சம்பளம் என்று பேசிக் கூட்டிப் போவார்கள். துண்டில் அடிப்படை 30,000, கொடுப்பனவு 10,000 என்று எழுதுவார்கள். 30,000-க்கு 12 சதவீதம் 3,600. 40,000-க்கு 4,800. பிள்ளைக்கு மாதம் 1,200 ரூபாய் நட்டம்.

1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இவர்கள் நினைப்பதுபோல அடிப்படைச் சம்பளத்தோடு நிற்கவில்லை. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, விடுமுறை நாள் சம்பளம், சாப்பாட்டுக் காசு எல்லாம் அதில் வருமானம். கடையிலேயே சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. ஆகவே 'கொடுப்பனவு' என்று வெறுமனே எழுதியிருந்தால், எதற்கான கொடுப்பனவு என்று கேட்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் யாழ்ப்பாணத்திலேயே தொழில் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாடு கொடுக்க மலைக்குத் திரும்பி வரத் தேவையில்லை.

இன்னொன்று. துண்டில் வெட்டியிருப்பதால் நிதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். வெட்டிய காசைப் பல மாதம் கட்டாமல் வைத்திருந்த தோட்டங்கள் உண்டு. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் முதலாளி தலையில்தான் விழும். துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். மத்திய வங்கியிலிருந்து வரும் கணக்குக் கூற்றோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். 22 பேர் போட்ட மாதத்துக்கு அங்கே 6,820 இருக்கிறதா? 2,728-க்கு மேல் எதுவும் இல்லையென்றால் கம்பனி பங்கு வரவில்லை. எதுவுமே இல்லையென்றால் உங்கள் பங்கையும் விழுங்கியிருக்கிறார்கள். துண்டோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நாம் வைக்கும் கோரிக்கை இதுதான்: நாளுக்கு 1,750 என்றால் 1,750-ம் அடிப்படைச் சம்பளமாக எழுதப்பட வேண்டும். யார் வந்து "மொத்தம் இவ்வளவு வாங்கித் தந்தோம்" என்று மேடையில் சொன்னாலும், அது நம் சங்கமாகவே இருந்தாலும், எழுந்து நின்று கேளுங்கள்: "அதில் அடிப்படை எவ்வளவு?"