படுக்கை ஏன் தேவைப்பட்டது?

2021 நவம்பரில் பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் வந்தது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று கரையோரத் தாழ்வான தெருக்களைத் தொட்டது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் தண்ணீர் வடிந்த பிறகுதான் வாந்திபேதி தொடங்கும். குடிநீர்க் குழாயின் உடைப்பு வழியே சாக்கடை கலக்கும், வீட்டுச் சம்ப் கலங்கும், கரண்ட் இல்லாத வீட்டில் முந்தைய நாள் குழம்பு கெட்டிருக்கும்.

தோல் தொழிற்சாலையிலோ ஷூ கம்பெனியிலோ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அந்த மருத்துவமனைக்குப் போனால் கிளைம் என்ற பேச்சே இல்லை. அந்த வரம்பைத் தாண்டிய சூப்பர்வைசர்களும், கமிஷன் வியாபாரிகளும், வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களின் குடும்பங்களும்தான் வங்கியிலோ ஏஜெண்டிடமோ வாங்கிய மருத்துவ பாலிசியோடு தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். இந்தப் பத்தி அவர்களுக்காக.

இவர்களில் பலரும் தவறான இடத்தில் ஆதாரம் தேடுகிறார்கள். எந்த ஓட்டல் பிரியாணி என்று பில்லைத் தேடுகிறார்கள், வெள்ளம் வந்ததற்கு வி.ஏ.ஓ.விடம் சான்று கேட்கிறார்கள், தோல் கழிவுநீர்தான் காரணம் என்று கிளைம் படிவத்தில் எழுதுகிறார்கள். பாலாற்றில் தோல் கழிவு கலந்தது உண்மை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் அதைப் பற்றித்தான். ஆனால் அது வேறு வழக்கு. சாதாரண மருத்துவ பாலிசி, நோய் யாரால் வந்தது என்று கேட்பதில்லை. அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நோயாளிக்கு மருத்துவமனைப் படுக்கை உண்மையில் தேவைப்பட்டதா?

வாந்திபேதி கிளைமில் மறுப்புக் கடிதம் வழக்கமாக இரண்டு விதமாக வரும். வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம் என்பது ஒன்று. பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டார் என்பது இன்னொன்று. 24 மணி நேரம் படுத்திருந்தால் போதும் என்று நம்பியிருப்பவருக்கு இது அதிர்ச்சிதான். 24 மணி நேரம் என்பது குறைந்தபட்ச நிபந்தனை. அது படுக்கைக்கான காரணத்தைச் சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆள் கற்பனை, ஆனால் இப்படிப்பட்ட கோப்புகள் நிறைய உண்டு. ஆம்பூரில் 45 வயது சூப்பர்வைசர் ஒருவர் இரவு 9 மணிக்கு ஒரு நர்சிங் ஹோமில் சேர்கிறார். 38 மணி நேரம் கழித்து வீடு திரும்புகிறார். பில் 24,000 ரூபாய். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது இவ்வளவுதான்: கடும் இரைப்பை குடல் அழற்சி, டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கப்பட்டது, நலமாக அனுப்பப்பட்டார். இதைப் படிக்கும் காப்பீட்டு நிறுவன மருத்துவருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் குடித்துத் தேறியிருக்கக்கூடிய ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிவார். கிளைம் மறுக்கப்படுகிறது.

அதே நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திறந்தால் கதை வேறு. வந்தபோது ரத்த அழுத்தம் 90/60, நாடித்துடிப்பு 118. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை. கொடுத்த ஓ.ஆர்.எஸ். இரண்டு முறையும் வாந்தியாகிவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, கிரியாட்டினின் 1.6. முதல் சில மணி நேரத்திலேயே மூன்று லிட்டருக்கு மேல் ரிங்கர் லாக்டேட் ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் மாலைதான் சிறுநீர் சீராக வந்திருக்கிறது. நீர்ச்சத்து இழந்து சிறுநீரகம் தடுமாறத் தொடங்கிய ஒருவரை எந்த மருத்துவரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார். இவ்வளவும் நர்ஸ் எழுதிய அட்டவணையிலும் ஆய்வக முடிவிலும் இருந்தும், சம்மரியில் ஒரு வரிகூட ஏறவில்லை.

வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் ஒரே மருத்துவமனையிலிருந்து ஒரே மாதிரி சம்மரிகள் வந்து குவியும். பெயரும் வயதும் மட்டும் மாறியிருக்கும். காப்பீட்டு நிறுவனம் விசாரணையாளரை அனுப்பும். போலிகள் இருப்பதால் அதைக் குறைசொல்ல முடியாது. அந்த விசாரணையாளர், நோயாளி சேர்ந்த நேரத்தையும் ஆய்வகப் பதிவேட்டையும் மருந்துக் கடை பில்லையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு வீட்டில் நான்கு பேர் ஒரே நாளில் சேர்ந்தால் சந்தேகம் கூடும். கெட்ட உணவில் அது இயல்பு என்றாலும், நான்கு பேருக்கும் தனித்தனி அளவுகள் எழுதப்பட்டிருந்தால்தான் நம்புவார்கள். நான்கு கேஸ் ஷீட்டிலும் ஒரே நாடித்துடிப்பு இருந்தால், உண்மையான நோயாளியும் மாட்டிக்கொள்வார்.

டைபாய்டு கிளைமில் சிக்கல் வேறு. பல சிறு மருத்துவமனைகள் ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று எழுதிவிடுகின்றன. டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் ஆரோக்கியமானவருக்கும் வைடால் பாசிட்டிவ் வரலாம். வேலூர் சி.எம்.சி. தலைமையில் நம் நாட்டுக் குழந்தைகளிடம் நடந்த பெரிய டைபாய்டு ஆய்வில் நோயை உறுதிசெய்தது ரத்தக் கல்ச்சர்தான். காப்பீட்டு மருத்துவரும் அதைத்தான் கேட்பார். அந்த ரத்தத்தை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். மருந்துக் கடையில் தானாக நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருபவருக்குக் கல்ச்சரில் கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். அப்போது காய்ச்சல் அட்டவணையும் முன்பு சாப்பிட்ட மாத்திரையின் பெயரும் கேஸ் ஷீட்டில் இருப்பது அவசியம்.

வெள்ளத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக பாலிசி எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் 30 நாள் விபத்துக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு, நோய்க்கு இல்லை. ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள் காமாலை கெட்ட தண்ணீர் குடித்துச் சராசரியாக 28 நாளில் தலைகாட்டும். பாலிசி எடுத்து இருபதாம் நாள் படுத்தால் பணம் கிடைக்காது. வங்கிக் கணக்கோடு வரும் விபத்துக் காப்பீடும் கைகொடுக்காது. மொசாம்பிக்கில் கொசு கடித்து மலேரியாவில் இறந்த ஒருவரின் குடும்பம் அதை விபத்து என்று வாதாடியது. 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அழுக்குத் தண்ணீர் குடித்து வந்த நோய்க்கும் இதே தடைதான் எழும்.

ஆகவே படுக்கை தேவைப்பட்ட காரணம் பதிவாக வேண்டுமானால், நோயாளியோடு இருக்கும் நீங்கள் சேர்க்கும்போதே மருத்துவரிடம் எத்தனை முறை பேதி, எத்தனை முறை வாந்தி, கடைசியாக எப்போது சிறுநீர் என்று சொல்லி எழுத வையுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் சம்மரியைப் படித்து, வந்தபோது இருந்த ரத்த அழுத்தமும் ரத்தப் பரிசோதனை முடிவும் ஏற்றிய டிரிப்ஸின் அளவும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தந்தாக வேண்டும். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்று நிறுவனம் குறிப்பிட வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டின் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ஒரு மாதத்தில் பதிலே வராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.