நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தப்படும் பயான்கள்

கடலூரிலும் சிதம்பரத்திலும், அவற்றைச் சூழ்ந்த லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களிலும் ரமளானில் நிகழும் பயான்கள் இப்போது பள்ளிவாசலோடு முடிந்துவிடுவதில்லை. ஒரே பதிவிலிருந்து ஒரு நிமிடத் துண்டுக் காணொளிகள் பிறக்கின்றன. பயணத்தில் கேட்பதற்கான பாட்காஸ்ட் பிறக்கிறது. சில இடங்களில் கட்டுரையும் பிறக்கிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கும், இரவு பயானுக்கு வர இயலாத பெண்களுக்கும் இதனால் விளையும் நன்மையை நாம் மறுக்கவில்லை. நாம் எதிர்ப்பது இவ்வேலை நடைபெறும் வரிசையை. பயான் முடிந்த அன்றிரவே துண்டு வெளியாகிறது. ஓரிரு நாள் கழித்து ஒலிவடிவம் வருகிறது. எழுத்து, நேரம் கிடைத்தால் வரும்; பெரும்பாலும் வருவதில்லை. இவ்வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

ஓர் எடுத்துக்காட்டின் வழியே இதைப் பார்ப்போம். சிதம்பரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நகைக்கான ஜகாத் பற்றி ஓர் ஆலிம் 70 நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முறையாகக் கற்ற ஆலிம் முதலில் ஒரு மத்ஹபின் கருத்தைச் சொல்வார். அதன் நிபந்தனைகளை விளக்குவார். பிறகே மற்றதற்குச் செல்வார். இவரும் 22ஆம் நிமிடத்தில், பெண்கள் வழக்கமாக அணியும், அனுமதிக்கப்பட்ட நகைக்கு ஜகாத் இல்லை என்ற ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பைக் கூறுகிறார். சேமிப்பாகப் பூட்டி வைத்த நகைக்கும், வரம்பு மீறிய அளவில் உள்ள நகைக்கும் இச்சலுகை இல்லை என்பது 31ஆம் நிமிடத்தில் வருகிறது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் தங்கம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் ஜகாத் கடமை என்ற ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு 40ஆம் நிமிடத்தில் வருகிறது. 52ஆம் நிமிடத்தில் கரும்பலகையில் கணக்கு: நிஸாப் 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன். ஒரு பெண்ணிடம் 15 பவுன் இருந்தால் 120 கிராம். அதில் நாற்பதில் ஒரு பங்கு 3 கிராம்.

துண்டு வெட்டும் இளைஞர் எதை எடுப்பார்? 22ஆம் நிமிடத்தைத்தான். குரல் அங்கே உறுதியாக இருக்கிறது, வாக்கியம் சிறியது, செய்தி இனிப்பானது. நாற்பது விநாடியில் “அணியும் நகைக்கு ஜகாத் இல்லை” என்ற தலைப்போடு அது ஊர் முழுவதும் சுற்றுகிறது. ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இம்மாவட்டத்தில், அதைப் பார்க்கும் ஹனஃபிப் பெண்மணி தம் 15 பவுனுக்குரிய 3 கிராமை அவ்வாண்டு கொடுக்காமல் விட்டுவிடுகிறார். அத்துண்டில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆலிம் சொல்லாத எதையும் யாரும் சேர்க்கவில்லை. இருந்தும் ஓர் ஏழையின் உரிமை தடைபட்டுவிட்டது.

இது நமக்குப் புதிய பாடமா? மதரசாவில் தஜ்வீத் படித்த சிறுவனுக்கும் வக்ஃப் என்றால் என்னவென்று தெரியும். பொருள் நிறைந்த இடத்தில் நிற்பது வக்ஃப் தாம்; பொருளைக் கெடுக்கும் இடத்தில் நிற்பது வக்ஃப் கபீஹ். அல்மாஊன் அத்தியாயத்தின் நான்காம் வசனத்தை மட்டும் ஓதிவிட்டு, அதைத் தொடரும் ஐந்தாம் வசனத்தை ஓதாமலே எழுந்துவிட்டால், தொழுகையில் அலட்சியமாக இருப்போருக்கு உரிய எச்சரிக்கை தொழுவோர் அனைவருக்கும் உரியதாகிவிடும் என்று உஸ்தாதுமார்கள் காட்டுவார்கள். எங்கே நின்றே ஆக வேண்டும், எங்கே நிற்கலாகாது என்பதற்கு முஸ்ஹஃபில் மீம், லாம்அலிஃப் என்று அடையாளங்களே இட்டிருக்கிறார்கள். இறைவேதத்தை ஓதுவதில் இவ்வளவு பேணுதல் கொண்ட சமுதாயம், அதன் விளக்கவுரையை வெட்டுவதை மட்டும் கைப்பேசியும் விரலும் தீர்மானிக்கட்டும் என்று விட்டிருக்கிறது!

ஆகவே எழுத்தே முதலில் வர வேண்டும். நிமிடத்துக்கு நூறு சொற்கள் என்று கொண்டால் 70 நிமிடப் பயான் ஏழாயிரம் சொற்களாகும். பழகியவருக்கும் அதைத் தட்டச்சு செய்வது ஒரு முழுநாள் வேலை. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரதி கையில் வந்த பிறகுதான் 22க்கும் 31க்கும் 40க்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரிகிறது. ஓரத்தில் நிமிடங்களைக் குறித்து, பேசிய ஆலிமிடமே அதைக் கொடுங்கள். எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்று முஸ்ஹஃபில் உள்ளதுபோல் அவரே அடையாளமிடட்டும். வசன எண்களையும் ஹதீஸின் நூற்பெயரையும் அவர் அப்போதே சரிபார்த்துவிடுவார். மேடையில் நினைவிலிருந்து சொன்ன எண் ஒன்றிரண்டு மாறியிருப்பது எந்த ஆலிமுக்கும் இயல்பு. இப்பிரதியைச் சுருக்கி, மும்முறை சொன்னதை ஒருமுறையாக்கி, இரு மத்ஹபுகளின் தீர்ப்பையும் அருகருகே வைத்தால் கட்டுரை ஆயத்தம்.

ஒலிவடிவத்தில் சிக்கல் வேறு. காணொளியிலிருந்து ஒலியை உருவி அப்படியே ஏற்றிவிடுகிறோம். 52ஆம் நிமிடத்தில் “இதோ இந்தக் கணக்கைப் பாருங்கள்” என்கிறார் ஆலிம். வாகனம் ஓட்டியபடி கேட்பவர் எதைப் பார்ப்பார்? சாக்குக்கட்டியின் ஓசையும் நீண்ட மௌனமும்தான் அவருக்குக் கிடைக்கும். அவ்விடத்தில் 15 பவுன், 120 கிராம், 3 கிராம் என்று ஆலிமே வாயால் சொல்லும் இருபது விநாடியைத் தனியே பதிந்து சேர்க்க வேண்டும். பின்வரிசையில் வைத்த கைப்பேசி மண்டபத்தின் எதிரொலியையே பிடிக்கும். பிறகு எந்தக் கருவியாலும் அதை முற்றாக நீக்க முடியாது. ஆலிமின் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கி இருந்தால் போதும். ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் அளவில் வைத்தால் 70 நிமிடமும் சுமார் 34 எம்பிக்குள் அடங்கிவிடும்.

துண்டுகள் கடைசியில்தான். நிலைப்படமாக அகலத்தில் எடுத்த காட்சியைக் கைப்பேசிக்காக நெடுக்காக வெட்டும்போது அகலத்தில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. கரும்பலகை முதலில் காணாமல் போகும். எனவே கணக்கை எழுத்தாகத் திரையில் இட வேண்டும். தன்னளவில் முழுமையான ஒரு துஆ, ஒரு வரலாற்று நிகழ்ச்சி, ஒரு கணக்கு ஆகியவை துண்டுக்கு ஏற்றவை. கருத்து வேறுபாடுள்ள சட்டத்தின் ஒரு பாதி ஏற்றதன்று. வெளியிடுமுன், பயானைக் கேட்காத ஒருவரிடம் துண்டைக் காட்டி, “இனி நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்வது கட்டுரையோடு முரண்பட்டால் அத்துண்டைக் கைவிடுங்கள்.

“இன்றைய பிள்ளைகள் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை, நாளை போட்டால் சூடு ஆறிவிடும்” என்கிறார்கள். சூடு ஆறினால் ஆறட்டும். தவறான கட்டுரையை மறுநாள் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் போன துண்டை அனுப்பியவர் இரண்டரை நாளுக்குள் அழிக்க முடியும் என்றாலும், அதற்குள் பிறர் பிறருக்கு அனுப்பிய பிரதிகளை அழிக்க எவராலும் இயலாது. மேலும் ஒரு நிமிடம் என்ற எல்லையே இப்போது இல்லை. யூடியூபின் குறுங்காணொளி 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். 22ஆம் நிமிடத்தின் நாற்பது விநாடி, 31ஆம் நிமிடத்தின் நிபந்தனை, 40ஆம் நிமிடத்தின் ஹனஃபித் தீர்ப்பு ஆகிய மூன்றையும், இடையே வெட்டியிருப்பது தெரியும்படி ஒரு வெற்றுத் திரை வைத்து இணைத்தாலும் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.