தேர்வு நாளிலேயே நேர்காணல்: அழைப்பவர்கள் கவனிப்பார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பருவத் தேர்வுகள் நடைபெறும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் இறுதியாண்டு மாணவர்களைத் தனியார் நிறுவனங்கள் ஓரிரு நாள் அவகாசத்தில் நேர்காணலுக்கு அழைப்பதும், அன்று வராதவர்களைக் காரணம் கேளாமலே பட்டியலிலிருந்து நீக்குவதும் கண்டிக்கத்தக்கவை. ஒரு தாளை எழுதத் தவறிய மாணவர் பொதுவாக அதை அடுத்த பருவத்தில்தான் எழுத முடியும். அவ்வாறு தேங்கும் தாளே 'அரியர்' எனப்படுகிறது. பணியில் சேரும்போது அரியர் இருக்கக் கூடாது என நிபந்தனை விதிக்கும் நிறுவனங்களே தேர்வு நாளில் நேர்காணல் வைத்து அந்த அரியருக்குக் காரணமாவது பெரும் முரண்பாடு.

நாள் மாற்றம் கோருவது சலுகை கேட்பதாகாது என்றாலும், அக்கோரிக்கை எவ்வாறு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் கிடைக்கிறது. 'தேர்வு இருக்கிறது, வேறு தேதி தாருங்கள்' என்று மட்டும் எழுதினால், எந்தத் தேர்வு, எத்தனை மணிக்கு, எப்போது வர இயலும் என்பவற்றை மனிதவள அலுவலரே கேட்டறிய வேண்டியிருப்பதால், அம்மடல் பெரும்பாலும் கிடப்பில் போடப்படுகிறது. மாறாக, பின்வருமாறு எழுதப்படும் மடலுக்கு ஒரே வரியில் ஒப்புதல் தந்துவிடலாம்: "டிசம்பர் 4 முற்பகல் 11 மணி நேர்காணலுக்கு அழைக்கப்பட்டுள்ள இவ்விண்ணப்பதாரருக்கு, அன்று 10 மணி முதல் 1 மணி வரை பல்கலைக்கழகத் தேர்வு உள்ளது, அதன் நாளை மாற்றும் உரிமை மாணவருக்கு இல்லை. ஹால் டிக்கெட் இணைக்கப்பட்டுள்ளது. அன்றே பிற்பகல் 3 மணிக்குப் பின்னரோ, 5ஆம் தேதி எந்நேரத்திலோ, நேரிலோ காணொளியிலோ கலந்துகொள்ள விண்ணப்பதாரர் ஆயத்தமாக உள்ளார்."

இதில் அன்றைய பிற்பகலை முதலில் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நேர்காணல் குழுவினர் பல துறைகளிலிருந்து ஒரு நாளைக்கென ஒருங்கே அழைக்கப்படுவதால், மற்றொரு நாளில் அவர்களைக் கூட்டுவதைவிட அதே நாளில் வரிசையை மாற்றுவது நிறுவனத்திற்கு எளிது. அழைப்புக் கிடைத்த அன்றே மடலை அனுப்ப வேண்டும். தொலைபேசியில் ஒப்புதல் கிடைத்தாலும், வாய்மொழி உறுதிக்குச் சான்று இல்லாமையால், அதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எனினும், எவ்வளவு செம்மையாக எழுதப்பட்ட மடலும், பதில் அனுப்ப இயலாத தானியங்கி முகவரியிலிருந்து அழைப்பு வரும்போது பயனற்றுப்போகிறது. எனவே, தேர்வு அட்டவணையைக் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நிறுவனங்களும் ஒவ்வோர் அழைப்பிலும் பதிலளிக்கும் முகவரியையும், தேர்வுச் சான்றுடன் கோருவோருக்கான மாற்று நாளையும் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.