மணிக்கட்டின் முதுகில் வலியில்லாத கட்டி: வெட்டித்தான் ஆக வேண்டுமா?

உடம்பில் கட்டி என்று ஒன்று தென்பட்டால் அதைத் தாமதிக்காமல் எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். பல கட்டிகளுக்கு அது சரி. மணிக்கட்டின் மேற்புறத்தில், வாட்சின் டயல் உட்காரும் இடத்தை ஒட்டிச் சற்று விரல்கள் பக்கமாக, வலியே இல்லாமல் எழும்பும் உருண்டைக்கு அது சரியல்ல. மருத்துவர்கள் அதை கேங்லியான் என்பார்கள். ஒரு வகை நீர்க்கட்டி. தொந்தரவு தராதவரை அதை அப்படியே விட்டுவிடலாம் என்பதே என் வாதம். எதிர்த்தரப்பு சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பேச்சுக்கு ஒரு பெண். வயது 27, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். வலது மணிக்கட்டின் மேல் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ புடைத்திருப்பதைச் சில மாதங்களுக்கு முன் கவனிக்கிறார். இப்போது அது சிறு நெல்லிக்காய் அளவு. வலி இல்லை, எழுதுவதற்கோ பாத்திரம் தேய்ப்பதற்கோ தடையில்லை. இந்தக் கட்டி அதிகம் வருவதும் இவரைப் போன்றவர்களுக்குத்தான். 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வரும்.

வீட்டில் முதலில் எழும் குரல் அம்மாவுடையது. "கட்டிய வெச்சிக்கிட்டே இருக்காதடி, நாளைக்கு வேற எதாவதா மாறிடப் போகுது." அந்த "வேற எதாவது" புற்றுநோய் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலரை அழைத்துவருவது வலி அல்ல, இந்தப் பயம்தான்.

கேங்லியான் புற்றாக மாறுவதில்லை. அது பெருகும் தன்மையுள்ள திசுவே அல்ல. மணிக்கட்டுக்குள் இரண்டு வரிசையாகச் சிறு எலும்புகள் இருக்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையில் படகு எலும்பு, பிறை எலும்பு என இரண்டு பக்கத்தில் பக்கமாக இருக்கும். அவற்றைப் பிணைக்கும் தசைநாரின் மேற்புறத்திலிருந்துதான் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை கிளம்புகின்றன. அங்கிருந்து மெல்லிய காம்பு ஒன்று வெளியே வந்து, விரல்களை நீட்டும் தசைநாண்களுக்கு இடையே தலைநீட்டி, தோலுக்கடியில் பையாக உப்புகிறது. பைக்குள் இருப்பது நிறமற்ற, மிகக் கெட்டியான, பிசுபிசுப்பான திரவம். மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹையலுரோனிக் அமிலம் அதில் ஏராளம். பையின் சுவர் வெறும் நார்தான். அதற்கு உட்பூச்சாக உயிரணுப் படலம்கூடக் கிடையாது.

அப்படியானால் இது அந்தக் கட்டிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நியாயமான கேள்வி. அந்தப் பெண் கையைக் கீழ்நோக்கி மடக்கினால் உருண்டை நன்றாக எழும்பி இறுகும். கையை மேல்நோக்கி வளைத்தால் பாதி மறைந்துபோகும். தோல் அதன்மேல் தாராளமாக நகரும். இருட்டறையில் போனின் டார்ச்சை அதன் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்தால், உள்ளே தெளிந்த திரவம் இருப்பதால் கட்டி முழுக்கச் செந்நிறமாக ஒளிரும். எலும்புப் புடைப்போ திடமான கட்டியோ அப்படி ஒளிராது. இது நல்ல அடையாளமே தவிர முடிவான தீர்ப்பு அல்ல. ஆகவே ஒருமுறை மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஐயமிருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். வலியில்லாத கட்டிக்கு எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால், எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

அடுத்த வாதம், விட்டால் வளர்ந்துகொண்டே போகும் என்பது. வளர்வது உண்மை, வளர்ந்துகொண்டே போவது இல்லை. கையை அதிகம் பயன்படுத்திய வாரங்களில் பெருக்கும், ஓய்ந்த நாட்களில் சுருங்கும். சில ஒருநாள் காலையில் பார்த்தால் காணாமலே போயிருக்கும். இப்படி ஏறி இறங்குவதே அது திரவக் கட்டி என்பதற்கு இன்னொரு சான்று. குழந்தைகளுக்கு வந்தால் தானாக மறையும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம்.

மூன்றாவது யோசனை பெரியம்மாவுடையது. கனமான புத்தகத்தால் ஓங்கி ஒன்று போட்டால் உடைந்து அடங்கிவிடுமாம். இதற்கு நீண்ட வரலாறு உண்டு. மேலை நாடுகளில் வீட்டில் இருப்பதிலேயே தடித்த புத்தகம் பைபிள் என்பதால், அங்கே இந்தக் கட்டிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லோரன்ஸ் ஹைஸ்டர், காலையில் வெறும் வயிற்று எச்சிலைத் தேய்த்து அதன்மேல் ஈயத் தகடு கட்டும் முறையைத் தம் நூலில் எழுதிவைத்தார். எச்சிலால் கெடுதல் வரப்போவதில்லை. புத்தகம் அப்படியில்லை. அடி பட்டதும் பை கிழிந்து திரவம் சுற்றியுள்ள திசுவில் பரவும், கட்டியும் மறையும். ஆனால் காம்பு அப்படியே இருக்கிறது. வாரங்களிலோ மாதங்களிலோ பை மறுபடி நிரம்பலாம். குறி தவறினால் அடி விழுவது, தோலுக்குக் கீழே நேராகக் கிடக்கும் தசைநாண்களிலும் சிறு எலும்புகளிலும். வலியே இல்லாத கைக்கு இப்படி ஒரு வைத்தியம் தேவையா?

சரி, ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாமே என்பது அடுத்தது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. திரவம் கெட்டி என்பதால் மெல்லிய ஊசியில் ஏறாது, தடித்த ஊசி வேண்டும். எடுத்ததும் கை தட்டையாகிவிடும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தக் காம்பு சைக்கிள் ட்யூபின் வால்வைப் போன்றது. மூட்டுக்குள் செலுத்திய எக்ஸ்ரே சாயம் கட்டிக்குள் போனது, கட்டிக்குள் செலுத்திய சாயம் மூட்டுக்குத் திரும்பவில்லை என்று பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். வழி ஒருபக்கம் திறந்திருக்கும்வரை பை நிரம்பத்தான் செய்யும். ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஊசியால் உறிஞ்சியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி திரும்ப வந்திருக்கிறது.

உறிஞ்சியபின் அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கமும் உண்டு. அதனால் கூடுதல் பலன் என்று உறுதியாகக் காட்டப்படவில்லை. ஆனால் அது தோலின் நிறத்தை அழித்து, அடியில் உள்ள கொழுப்பையும் கரைக்கக்கூடும். நம் மாநிறக் கையில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அழகுக்காகக் கட்டியை எடுக்கப் போனவருக்கு இது நல்ல வியாபாரம் அல்ல. இருந்தாலும் ஊசிக்கு ஒரு பயன் உண்டு. வெளிவருவது அந்தப் பசைத் திரவம்தான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், புற்றுப் பயம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

இனி வலுவான வாதத்துக்கு வருவோம். ஆபரேஷன் செய்தால் ஒரே வழியாக முடிந்துவிடும் என்கிறார்கள். இதைச் சரிபார்க்க இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு உதவும். மணிக்கட்டின் மேற்புறத்தில் இதே கட்டியோடு வந்த 236 பேரை, சராசரியாக ஆறு ஆண்டுகள் கழித்து விசாரித்தார்கள். 103 பேருக்கு வெட்டி எடுத்திருந்தது. அவர்களில் 40 பேருக்குக் கட்டி திரும்ப வந்திருந்தது. ஊசியால் உறிஞ்சிய 78 பேரில் 45 பேருக்குத் திரும்ப வந்திருந்தது. எதுவுமே செய்யாமல் விட்ட 55 பேரிலோ, ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தானாகவே மறைந்துவிட்டது. வலி, கை பலவீனம் போன்ற தொந்தரவுகள் குறைந்த அளவில் மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. அறுவை செய்துகொண்டவர்கள்தான் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள், கட்டி திரும்ப வந்தவர்கள் உட்பட. ஏதோ செய்தோம் என்ற நிறைவுக்கும் கட்டி போனதற்கும் தொடர்பில்லை என்றே இதைப் படிக்கிறேன். இந்த ஆய்வு குலுக்கல் முறையில் பிரித்து நடத்தியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொந்தரவு அதிகமிருந்தவர்கள் கத்தியைத் தேர்ந்திருக்கலாம். காம்பையும், அது கிளம்பும் மூட்டுறையின் சிறு பகுதியையும் சேர்த்துக் கவனமாக அகற்றும் கைதேர்ந்தவர்களிடம் திரும்ப வருவது இதைவிட நன்றாகவே குறைவு. பையை மட்டும் கிள்ளி எடுத்து, காம்பை விட்டுவிடும் அவசர ஆபரேஷன்தான் பல ஏமாற்றங்களுக்குக் காரணம்.

நல்ல கைகளில் நடந்தாலும் விலை உண்டு. கட்டி இருந்த இடத்தில் தழும்பு இருக்கும். பக்கத்தில் ஓடும் தோல் நரம்பின் கிளை அறுபட்டால் புறங்கையில் மரத்துப்போகும், சிலருக்கு அந்த இடத்தைத் தொட்டாலே சுரீர் என்னும். சில வாரங்களுக்குக் கையைக் கீழ்நோக்கி மடக்குவது சிரமம். அரிதாக, காம்பைத் துரத்திப் போகையில் அந்த இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநாருக்கே காயம் பட்டால், வலியில்லாமல் போன கை வலியோடு திரும்பும். கணக்கெழுதும் அந்தப் பெண்ணுக்கு, இன்றைக்கு அவரிடம் இல்லாத ஒரு தொந்தரவை நீக்க இதெல்லாம் அதிகம்.

இங்கே என் வாதத்துக்கும் எல்லை போட வேண்டும். விட்டுவிடலாம் என்பது வலியில்லாத, மேற்புறத்தில் உள்ள, டார்ச்சில் ஒளிரும் உருண்டைக்கு மட்டும். கையை ஊன்றி எழும்போது வலிக்கிறது, பிடி தளர்கிறது என்றால் அறுவை பற்றிப் பேசுவது நியாயம். கட்டி கல்போல இறுகி அசையாமல் இருந்தாலோ, சில வாரங்களில் மளமளவென்று பெருத்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. விரல்களை அசைக்கும்போது கட்டியும் கூடவே மேலும் கீழும் நகர்ந்தால், அது தசைநாண் உறையின் வீக்கமாக இருக்கலாம். முடக்குவாதம் அப்படித் தொடங்குவதுண்டு. நம் நாட்டில் காசநோயையும் மறக்கக் கூடாது. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்புக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வீங்கி, ஒன்றை அழுத்தினால் மற்றொன்று புடைத்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். நாடி பார்க்கும் இடத்தருகே எழும் கட்டியில் கண்டவரிடம் ஊசி போட்டுக்கொள்ளவும் கூடாது. ரத்தக்குழாய் அதை ஒட்டியே ஓடுகிறது.

கட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, எடுத்தே ஆக வேண்டும் என்பவரை நான் தடுக்கவில்லை, அதுவும் ஒரு காரணம்தான். கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: காம்போடு சேர்த்து எடுப்பீர்களா? உங்களிடம் ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்திருக்கிறது?